மூட்டத்தைக் கழிக்கலாம், நடுக்கத்தை அல்ல

கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் நின்று எடுத்த ஒரு படத்தை, பெரிதாகப் பிரிண்ட் போட்ட பிறகும் சுவரில் மாட்ட மனம் வரவில்லை. சுருட்டி அலமாரிக்கு மேல் வைத்துவிட்டேன். ஜனவரி மாதத்துக் காலை அது. கிட்டே சோலை மரங்கள், அதற்கு அப்பால் ஒரு முகடு, அதற்கும் அப்பால் இன்னொன்று என்று மலைகள் வரிசையாக வெளிறிக்கொண்டே போய், கடைசியில் பெரியகுளம் பக்கத்துச் சமவெளி பால் நிறத்தில் கரைந்து கிடந்தது. நேரில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கேமராவில் பார்த்தால் பாதிப் படம் ஒரே சாம்பல். கூட வந்திருந்த அக்கா மகன் எட்டிப் பார்த்தான்.

"டீஹேஸை நூறு வரைக்கும் ஏத்திவிடுங்க மாமா, எல்லாம் தெளிஞ்சிரும்."

வீட்டுக்கு வந்து ஏற்றினேன். தெளியத்தான் செய்தது. லேப்டாப் திரையில் மலைகள் பளிச்சென்று நின்றன. 12க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. மூன்றாவது முகடு முழுக்க நொய்யரிசியைத் தூவிவிட்டது போலப் புள்ளிகள். வானத்தில் நீலமும் ஊதாவுமாகத் திட்டுகள். முகட்டின் விளிம்பை ஒட்டி, பென்சிலால் இழுத்தது போல ஒரு வெள்ளைக் கோடு. மெஷினில் கோளாறோ என்று கேட்டேன். "ஃபைல்லயே இருக்கு சார், பெருசாக்கிப் பாருங்க" என்றார் பிரிண்ட் போட்டவர். பெருசாக்கிப் பார்த்தேன், இருந்தது.

அந்தப் புள்ளிகளைத்தான் படம் எடுப்பவர்கள் நாய்ஸ் என்கிறார்கள். டீஹேஸ் போடாத ஒரிஜினல் படத்தில் அது கண்ணில் படவே இல்லை. மூட்டத்தை நீக்கும்போது அது எங்கிருந்து முளைத்தது என்று புரிந்துகொண்டால், அதை முளைக்கவிடாமல் செய்யும் வழியும் கூடவே புரிந்துவிடும்.

தூரத்து மலையிலிருந்து கேமராவுக்கு வரும் ஒளியில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று, மலையே அனுப்பிய ஒளி. வழியில் காற்றில் மிதக்கும் தூசும் புகையும் நீர்த்துளியும் அதில் ஒரு பகுதியைத் தட்டித் திருப்பிவிடுவதால், அது குறைந்துபோய் வந்து சேர்கிறது. இன்னொன்று, மலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒளி. சூரியனிலிருந்தும் வானத்திலிருந்தும் வரும் வெளிச்சம் அதே தூசியில் பட்டு நம் பக்கம் சிதறுகிறது. நாம் மூட்டம் என்று பார்ப்பது இந்த இரண்டாவதைத்தான். மலை தூரப் போகப் போக முதல் பங்கு குறையும், இரண்டாம் பங்கு கூடும்.

எண்களில் போட்டுப் பார்க்கலாம். ஒரு முகட்டில் ஒரு மரத்திட்டின் வெளிச்சம் 30, பக்கத்துப் பாறையின் வெளிச்சம் 90 என்று வைத்துக்கொள்வோம். மூட்டத்தின் வெளிச்சம் 200. அந்த முகட்டிலிருந்து 21 சதவீத ஒளிதான் தப்பி வருகிறது என்றால், மீதி 79 சதவீதத்தை மூட்டம் நிரப்பும், அதாவது 158. அதோடு மரத்தின் பங்கு 6 சேர, கேமராவில் மரம் 164 ஆகப் பதிகிறது. பாறை 177. நேரில் 60 இருந்த வித்தியாசம் படத்தில் 13 ஆகச் சுருங்கிவிட்டது. கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிவதற்குக் காரணம் இந்தச் சுருக்கம்தான்.

டீஹேஸ் செய்வது இதற்கு நேர் எதிரான கணக்கு. 158ஐக் கழிக்கிறது, மிஞ்சியதை 0.21 ஆல் வகுக்கிறது. மரம் மறுபடி 30, பாறை மறுபடி 90. கணக்கு என்னவோ சரிதான். ஆனால் கேமரா பதிவது எப்போதும் துல்லியமான எண் அல்ல. ஒளி துகள் துகளாக வந்து விழுவதால், ஒரே வெளிச்சம் உள்ள இடத்தில்கூட ஒரு பிக்சல் 162 என்கும், பக்கத்துப் பிக்சல் 166 என்கும். இப்படிக் கூடக்குறைய இரண்டு என்ற நடுக்கம் எல்லா இடத்திலும் இருக்கும். 0.21 ஆல் வகுக்கும்போது அந்த இரண்டு ஒன்பதரை ஆகிவிடுகிறது. போதாக்குறைக்கு, அந்த நடுக்கத்தில் பெரும்பகுதி மலையின் ஒளியால் வந்ததே அல்ல, மூட்டத்தின் ஒளியால் வந்தது. மூட்டத்தின் சராசரி வெளிச்சத்தை நம்மால் கழித்துவிட முடியும். அது கொண்டுவந்த நடுக்கத்தைக் கழிக்க வழியில்லை. என் பிரிண்டில் தூவிக் கிடந்த நொய்யரிசி அதுதான்.

எவ்வளவு தூரத்தில் எவ்வளவு ஒளி தப்பி வரும் என்பதற்கும் கணக்கு உண்டு. காற்று எவ்வளவு தெளிவு என்பதைக் கண்ணுக்கெட்டும் தூரத்தால் சொல்வார்கள். வானத்தைப் பின்னணியாகக் கொண்ட ஒரு கருத்த பொருள் எவ்வளவு தூரம் வரை தெரிகிறதோ அதுதான் அளவு. அது 20 கிலோமீட்டர் உள்ள ஒரு நாளில், அரைக் கிலோமீட்டரில் இருக்கும் சோலையிலிருந்து 91 சதவீத ஒளி வந்துவிடுகிறது. இரண்டு கிலோமீட்டர் முகட்டிலிருந்து 68. எட்டுக் கிலோமீட்டர் முகட்டிலிருந்து 21. கொடைக்கானலிலிருந்து நேர்கோட்டில் சுமார் 15 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரியகுளத்திலிருந்து ஐந்துதான். முழுக்கத் தெளிய வைக்க வேண்டுமானால் சோலையில் நடுக்கம் ஒன்றுக்கு ஒன்றே கால்கூட ஆகாது. எட்டுக் கிலோமீட்டர் முகட்டில் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. பெரியகுளத்தில் இருபது மடங்கு. ஒரே ஸ்லைடரை முழுப் படத்துக்கும் ஏற்றக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

பனிமூட்டம் வேறு கதை. கண்ணுக்கெட்டும் தூரம் ஒரு கிலோமீட்டருக்குக் கீழே போனால்தான் வானிலைக்காரர்கள் அதை மூடுபனி என்பார்கள். கொடைக்கானலில் மத்தியானத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்து எதிர்மலையை விழுங்குவதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அந்த நேரத்தில் கண்ணுக்கெட்டும் தூரம் அரைக் கிலோமீட்டர் என்றால், இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள முகட்டிலிருந்து ஒரு கோடியில் இரண்டு பங்கு ஒளிகூட நேராக வந்து சேராது. அங்கே மீட்டெடுக்க எதுவுமே பதியவில்லை. எந்த மென்பொருளும் அதற்கு மேல் நாய்ஸைத்தான் வெளியே இழுக்கும். ஆகவே வெள்ளைத் திரைக்குள் மலையின் வடிவம் கொஞ்சமாவது கண்ணுக்குத் தெரிகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். தெரிந்தால் வேலை செய்யலாம். தெரியாவிட்டால் அந்த வெள்ளையையே படமாக ஏற்றுக்கொள்வது உத்தமம். மேகம் விழுங்கிய மலை தனி அழகு, அதைத் தோண்ட வேண்டியதில்லை.

இனி வேலைக்கு வருகிறேன். இதில் பாதி, ஷட்டரை அழுத்தும் இடத்திலேயே முடிந்துவிடுகிறது.

முதல் படத்தை நான் கையில் பிடித்தபடி, விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், ஐஎஸ்ஓ 800 வைத்து, ஜேபெக்காக எடுத்திருந்தேன். மூன்றுமே தப்பு. ஐஎஸ்ஓ ஏறினால் சென்சாருக்குக் கிடைக்கும் ஒளி குறைவு, ஆகவே நடுக்கம் அதிகம். ஜேபெக் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். மூட்டத்தில் மூழ்கிய முகடு அதில் பத்துப் பதினைந்து படிகளுக்குள் அடங்கிவிடுகிறது. அதை ஐந்து மடங்கு இழுத்தால் படிகள் தனித்தனியாகப் பிரிந்து வரி வரியாகத் தெரியும், ஜேபெக் படத்தைச் சுருக்கும்போது விட்ட சதுரக் கட்டங்களும் கூடவே எழுந்து நிற்கும். ரா ஃபைலில் படிகள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் இந்த இழுப்பைத் தாங்கும்.

இரண்டாம் தடவை போனபோது முக்காலியோடு போனேன். ஐஎஸ்ஓ 100. ரா. மூட்டமான காட்சியின் ஹிஸ்டோகிராம் நடுவில் ஒரு குன்று போலக் குவிந்திருக்கும், இரு பக்கமும் காலி. அதனால் வலது பக்கம் வானம் வெளுத்துப்போகாத அளவுக்கு எக்ஸ்போஷரைத் தாராளமாகக் கூட்டலாம். திரையில் படம் இன்னும் வெளிறித் தெரியும், பரவாயில்லை. ஒளி இரட்டிப்பானால் நடுக்கமும் கூடும்தான், ஆனால் ஒன்றரை மடங்குக்குள் நின்றுவிடும். மிச்சம் லாபம்.

அதைவிடப் பெரிய லாபம், ஒரே காட்சியை 16 தடவை எடுப்பதில் இருக்கிறது. மலை 16 படத்திலும் அதே மலை. நடுக்கம் மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு வேறு. ஒரு பிக்சல் ஒரு படத்தில் கூடினால் இன்னொன்றில் குறையும். எல்லாவற்றையும் சராசரி எடுத்தால் நடுக்கம் ஒன்றையொன்று தின்றுவிடும். 4 படம் என்றால் பாதியாகும், 16 என்றால் கால் பங்காகும். மேலே சொன்ன எட்டுக் கிலோமீட்டர் முகட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். டீஹேஸ் நடுக்கத்தை ஐந்து மடங்கு ஆக்கும், சராசரி முன்கூட்டியே அதை நான்கில் ஒரு பங்கு ஆக்கியிருக்கும். நிகரமாகப் பார்த்தால் ஒற்றைப் படத்தில் இருந்த அளவுக்குச் சற்று மேலே நின்றுவிடுகிறது. பெரியகுளத்துக்கு மட்டும் இதுவும் போதாது. இருபது மடங்கை நான்கால் வகுத்தாலும் ஐந்து மிச்சம்.

ரா ஃபைல்களை எல்லாம் ஒரே அமைப்பில், கூர்மை எதுவும் சேர்க்காமல் 16 பிட் டிஃப்பாக மாற்றிவிட்டு, இலவச மென்பொருள்களான ஹுகினையும் இமேஜ்மேஜிக்கையும் கொண்டு இரண்டே வரியில் சேர்த்தேன். முதல் வரி படங்களைப் பொருத்துகிறது, இரண்டாவது சராசரி எடுக்கிறது.

```
align_image_stack -a kodai_ IMG_*.tif
magick kodai_*.tif -evaluate-sequence mean sarasari.tif
```

கம்ப்யூட்டர் திணறினால் நான்கு நான்காகச் சராசரி எடுத்து, அந்த நான்கையும் மறுபடி சராசரி எடுக்கலாம், விடை மாறாது. 16 படத்தையும் சில விநாடிக்குள் தொடர்ச்சியாக எடுத்துவிட வேண்டும். மேகம் நகர்ந்துகொண்டிருந்தால் இந்த வழி வேண்டாம், நகர்ந்த இடமெல்லாம் இழுபட்டுப் போகும். அசையாமல் தங்கி நிற்கும் காலை மூட்டத்துக்குத்தான் இது.

மென்பொருளுக்கு மூட்டம் எவ்வளவு என்று எப்படித் தெரிகிறது? ஒரே படத்தைப் பார்த்துத் தூரத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமான கணக்கு. 2009ல் கைமிங் ஹே, ஜியான் சுன், சியாவூ டாங் மூவரும் ஒரு எளிய வழி சொன்னார்கள். மூட்டமில்லாத வெளிப்புறப் படத்தில் வானத்தைத் தவிர எந்தச் சிறு கட்டத்தை எடுத்தாலும், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஏதாவது ஒன்று ஏறக்குறைய இருட்டாக உள்ள ஒரு பிக்சலாவது அதில் இருக்கும். நிழல் இருக்கும், கரும்பாறை இருக்கும், பச்சிலை இருக்கும். மூட்டமான படத்தில் அந்த இருட்டு காணாமல் போய்விடுகிறது. எந்த அளவுக்கு வெளுத்திருக்கிறதோ அந்த அளவுக்கு அங்கே மூட்டம். அவர்கள் எடுத்துக்கொண்ட கட்டம் 15க்கு 15 பிக்சல். டார்க்டேபிளில் உள்ள haze removal இந்த வழியில் போவதுதான்.

அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த இரண்டு சங்கதிகள் உண்டு. தப்பி வரும் ஒளியின் பங்கு எவ்வளவு குறைந்தாலும் பத்தில் ஒன்றுக்குக் கீழே வகுக்க மாட்டோம் என்று ஒரு வரம்பு வைத்தார்கள். நாய்ஸ் பத்து மடங்குக்கு மேல் ஊதாமல் இருக்க அது ஒரு அணை. இரண்டாவது, மூட்டத்தை முழுவதும் நீக்காமல் வேண்டுமென்றே கொஞ்சம் விட்டுவைத்தார்கள். எல்லாவற்றையும் துடைத்துவிட்டால் தூரம் என்ற உணர்வே போய்விடுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். பதினைந்து கிலோமீட்டர் தள்ளியுள்ள மலை பக்கத்து வீட்டுச் சுவர் போலப் பளிச்சென்று நின்றால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் என்னவோ உறுத்தும்.

இந்த வழி ஏமாறும் இடம் எங்கே என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடும். இயல்பிலேயே வெள்ளையாக இருக்கும் எதையும் அது மூட்டம் என்று நினைத்துக்கொள்ளும். வானம், வெள்ளையடித்த கட்டடம், பள்ளத்தாக்கில் தேங்கிய மேகம் எல்லாம் அதற்கு மூட்டம்தான். வானத்திலிருந்து அது கழிக்கப் போனால், லென்ஸின் ஓர இருட்டும் சென்சாரில் ஒட்டிய தூசியும் பளிச்சென்று தெரியும். என் வானத்தில் வந்த ஊதாத் திட்டுகள் அந்த வகை. ஆகவே வானத்துக்கு மாஸ்க் போட்டு டீஹேஸிலிருந்து விலக்கி வைத்துவிட வேண்டும். லென்ஸின் ஓர இருட்டை டீஹேஸுக்கு முன்பே சரி செய்துவிட வேண்டும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நுண்ணிய தூசி மூட்டம் நீல ஒளியை அதிகம் சிதறடிக்கும், சிவப்பைக் குறைவாக. தூரத்து மலைகள் நீலமாகத் தெரிவது அதனால். நீலச் சானலில்தான் மூட்டம் கனமாக இருக்கும், அங்கேதான் நாய்ஸும் அசிங்கமாக எழும். நாய்ஸ் நீக்கத்தை டீஹேஸுக்கு முன்பே செய்துவிடுங்கள். நிறப்புள்ளிகளைத் தாராளமாகவே நீக்கலாம், வெளிச்சப் புள்ளிகளை லேசாக. டீஹேஸ் போட்ட பிறகு நீக்கப் போனால் ஊதிப்போன புள்ளியையும் மலையின் உண்மையான விவரத்தையும் மென்பொருளால் பிரித்தறிய முடிவதில்லை. இரண்டையும் சேர்த்து மெழுகி விடுகிறது.

சராசரி எடுத்த படத்தில் தூரத்து முகடுகளுக்கு மட்டும் மாஸ்க் போட்டு, டீஹேஸை முழுசாக இல்லாமல் பாதியளவு ஏற்றினேன். மூன்றாவது முகட்டில் வித்தியாசங்கள் சுமார் இரண்டரை மடங்கு விரிந்தன. மீதியை லோக்கல் கான்ட்ராஸ்ட்டுக்கு விட்டுவைத்தேன். ஏனென்றால் நாய்ஸைத் தொடாமல் மலையை மட்டும் இழுக்க அதில் ஒரு வழி இருக்கிறது.

லோக்கல் கான்ட்ராஸ்ட் என்றால், ஒவ்வொரு பிக்சலையும் அதன் சுற்றுவட்டாரத்தின் சராசரியோடு ஒப்பிட்டு, சராசரியைவிடக் கூடியதைக் கொஞ்சம் கூட்டி, குறைந்ததைக் கொஞ்சம் குறைப்பது. லைட்ரூமில் கிளாரிட்டி செய்வது இந்த மாதிரி வேலை. அன்ஷார்ப் மாஸ்க்கை 60 பிக்சல் ஆரத்தில், 20 சதவீத அளவில் போட்டாலும் இதே பலன்தான். சுற்றுவட்டாரம் பெரிதாக இருந்தால் நாய்ஸ் கூடாது என்று பலர் நம்புகிறார்கள், நானும் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அது சரியல்ல. ஒற்றைப் பிக்சல் நடுக்கமும் அந்தச் சராசரியிலிருந்து விலகியதுதானே? அதுவும் 20 சதவீதம் கூடத்தான் செய்யும்.

நாய்ஸ் குடியிருப்பது ஒன்றிரண்டு பிக்சல் அகலத்தில். மலையின் மடிப்பு, பாறைச் சரிவு, காட்டுத்திட்டு எல்லாம் இருபது, ஐம்பது, நூறு பிக்சல் அகலத்தில். படத்தை இப்படி அகலம் அகலமாகப் பிரித்துவிட்டால், பெரியதை இழுத்துவிட்டுச் சிறியதைத் தொடாமல் விடலாம். ஜிம்ப்பில் அதற்கு `Filters > Enhance > Wavelet Decompose` என்று ஒரு வசதி இருக்கிறது. ஐந்து அடுக்காகப் பிரிக்கச் சொன்னால், Scale 1 முதல் Scale 5 வரை ஐந்து சாம்பல் நிற லேயர்களும், அடியில் Residual என்ற மங்கலான லேயரும் கிடைக்கும். முதல் அடுக்கில் மிக நுண்ணிய விவரம், அடுத்தடுத்த அடுக்கில் அகலம் இரண்டிரண்டு மடங்காகக் கூடும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பழைய படம் அப்படியே வரும்.

Scale 1 லேயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறைத்துப் பாருங்கள். கிட்டத்துச் சோலையில் இலையும் கிளையும் கோடு கோடாகத் தெரியும். தூரத்து முகட்டில் வெறும் மணல். மலை அங்கே இல்லவே இல்லை. Scale 4க்கு வந்தால் அதே முகட்டில் மடிப்புகள் ஒழுங்காக ஓடுகின்றன, மணலைக் காணோம். என் பிரிண்ட் எங்கே கெட்டது என்று அந்த இரண்டு லேயர்களையும் மாற்றி மாற்றிப் பார்த்த அன்றுதான் எனக்கு முழுசாக விளங்கியது.

Scale 4, Scale 5 இரண்டையும் நகலெடுத்து, நகலின் ஒபாசிட்டியை 60 ஆக வைத்தேன். இந்த லேயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிச் சேர்வதால், ஒரு நகல் என்பது அந்த அகலத்தின் கான்ட்ராஸ்ட்டை இரட்டிப்பாக்கும், 60 சதவீத நகல் ஒன்றுக்கு ஒன்றரைக்குச் சற்று மேலாக்கும். Scale 3க்கு அதில் பாதி. Residual லேயரில் கர்வ்ஸை எடுத்து, தூரத்து முகடுகளின் வெளிச்ச எல்லையில் மட்டும் கோட்டைச் செங்குத்தாக்கி, அதே அளவுக்கு இழுத்தேன். Scale 1, Scale 2 இரண்டையும் கிட்டே அப்படியே விட்டேன். தூரத்தில் மட்டும் மாஸ்க் போட்டு Scale 1ஐப் பாதியாகக் குறைத்தேன். நகல்களுக்கும் மாஸ்க் உண்டு, சோலைக்கும் வானத்துக்கும் அவை போகக் கூடாது.

இந்த வழிக்கும் விலை இருக்கிறது. பெரியதை இழுத்துச் சிறியதை விட்டுவிடுவதால் தூரத்து முகடு கொஞ்சம் மென்மையாகத் தெரியும். எட்டுக் கிலோமீட்டர் காற்றுக்குப் பின்னால் இருக்கும் மலையில் இலை இலையாக விவரம் எப்படியும் பதியாது என்பதால் எனக்கு அது குறையாகப் படவில்லை. இன்னொரு விலை சற்றுக் கடுமையானது. வானத்தைத் தொடும் கூர்மையான முகட்டு விளிம்பில், இழுப்பு அளவு மீறினால் ஒளிவட்டம் போல ஒரு வெளிறிய பட்டை விழும். என் முதல் பிரிண்டில் வந்த வெள்ளைக் கோட்டின் உறவுக்காரன் அது. இரண்டு மடங்குக்கு மேல் இழுக்காமல் இருந்தால் பெரும்பாலும் வராது. வந்தால் அடுக்குகளைக் குறைத்துப் பிரித்துப் பாருங்கள், பட்டை ஒடுங்கிவிடும். டார்க்டேபிளில் உள்ள local contrast விளிம்புகளை மதித்துக் கணக்குப் போடுவதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அடுக்கு அடுக்காகத் தொட்டு, எது நாய்ஸ் எது மலை என்று கண்ணால் பார்த்துச் செய்யும் வசதி ஜிம்ப்பில்தான் எனக்குக் கிடைத்தது.

நாய்ஸ் கூடியதா இல்லையா என்பதைக் கண்ணை மட்டும் நம்பித் தீர்மானிக்க வேண்டாம். திரையில் படத்தைச் சுருக்கிப் பார்த்தால் பக்கத்துப் பிக்சல்கள் தாமாகச் சராசரியாகி நாய்ஸ் மறைந்துவிடும், நான் ஏமாந்தது அப்படித்தான். நூறு சதவீதத்தில் பார்ப்பது முதல் விதி. அதற்கு மேல், ஜிம்ப்பின் ஹிஸ்டோகிராம் பலகையில் Std dev என்று ஒரு எண் வரும். தூரத்து முகட்டில் எந்த விவரமும் இல்லாத, ஒரே சீரான ஒரு சிறு சதுரத்தைத் தேர்ந்தெடுத்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சதுரத்தின் நடுக்கம் அது. வேலை முடிந்ததும் அதே சதுரத்தில் மறுபடி பாருங்கள்.

முக்காலியில் எடுத்த 16 படங்களில் ஒற்றைப் படத்தில் எனக்கு அது 2.0 இருந்தது. அதே ஒற்றைப் படத்துக்கு டீஹேஸை முழுசாக ஏற்றினால் 9.4. சராசரி எடுத்த படத்தில் 0.6. அதற்குப் பாதி டீஹேஸ் போட்டதும் 1.5. அடுக்கு அடுக்காக இழுத்து முடித்த பிறகும் அந்த 1.5 ஏறக்குறைய அப்படியே நின்றது. முகட்டின் மடிப்புகள் நான்கு மடங்கு விரிந்திருந்தன, நடுக்கம் தொடாத ஒற்றைப் படத்தில் இருந்ததைவிடக் குறைவு.

சமவெளியை நான் தொடவில்லை. ஐந்து சதவீத ஒளியை வைத்துக்கொண்டு அங்கே செய்ய எதுவும் இல்லை. மாஸ்க்கை மூன்றாவது முகட்டின் விளிம்போடு நிறுத்தி, அதற்கு அப்பால் பால் நிறத்தை அப்படியே விட்டேன்.

புது பிரிண்டை அக்கா மகன்தான் போய் வாங்கி வந்தான். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மூக்கில் ஒட்டுகிற மாதிரி வைத்துப் பார்த்தான்.

"பெரியகுளம் தெரியலையே மாமா?"

"அன்னிக்கு நமக்கே தெரியலையேடா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவன், மூன்றாவது முகட்டில் விரலை வைத்தான். அங்கே சரிவின் குறுக்கே, மரமில்லாத ஒரு மெல்லிய கோடு மலையைச் சுற்றி வளைந்து போனது. ஒற்றையடிப் பாதையாக இருக்கும். இத்தனை நாள் அந்தப் படத்தோடு மல்லாடியும் நான் அதைக் கவனித்திருக்கவில்லை.